சாப்பாட்டு மேசையை விற்க இரண்டு முறை எழுதிய விளம்பரம்

முதல் விளம்பரத்தை எழுத எனக்கு மூன்று நிமிடம்தான் ஆனது. "தேக்கு மரச் சாப்பாட்டு மேசை. 5 அடிக்கு 3 அடி. 6 பேர் உட்காரலாம். கால்களைக் கழற்றலாம். நல்ல நிலை. 650 வெள்ளி. ஜெலுத்தோங்கில் வந்து எடுத்துக்கொள்ளவும்." ஒரு படம் எடுத்துப் போட்டேன். அன்று இரவே புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டார். சனிக்கிழமை காலை வருகிறேன் என்றார். சரி என்றேன்.

அவர் தன் சிறிய காரில் வந்தார். காலைக் கழற்றலாம் என்று நான் எழுதியதை நம்பித்தான் லோரி பேசாமல், பின் இருக்கைகளை மடக்கிவிட்டு வந்திருக்கிறார். மேசையைக் குப்புறக் கவிழ்த்து நட்டைத் திருகினால், முதல் கால் அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவது காலில் நட்டு சுற்றியது, ஆனால் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. சரி, காலோடு வெளியே கொண்டுபோய் லோரிக்கு ஆள் அனுப்பலாம் என்று தூக்கினோம். வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டது. எங்கள் வாசலுக்கு இரும்புக் கிரில் உண்டு. அதை முழுக்க மடக்கினாலும் 74 சென்டிமீட்டர்தான் இடம் கிடைக்கும். மேசையின் உயரம் 75½. சாய்த்துத் திருப்பி எடுக்க வெளியே நடைபாதையும் போதவில்லை.

முக்கால் மணி நேரம் போராடிவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்பினார். பினாங்குப் பாலத்தின் டோல் தீவுக்கு வரும்போதுதான் உண்டு, அதை அவர் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பெட்ரோலுக்கும் சேர்த்து 20 வெள்ளியை அவர் கையில் வைத்தேன். அவர் வாங்க மறுத்தார், நான் விடவில்லை. அன்று மாலையே விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

அந்த மேசையை அப்பா வாங்கி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். நாங்கள் சின்ன வீட்டுக்கு மாறப் போவதால்தான் விற்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை எழுதும்போது நான் கையால் செய்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கால்கள். இந்த வகை மேசையில் மேற்பலகைக்கு அடியில் நாலு பக்கமும் ஒரு சட்டம் ஓடும். சட்டம் சேரும் மூலை ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புத் தகடு குறுக்கே பொருத்தப்பட்டிருக்கும். காலின் உள்மூலையில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு பாதியில் மரத்தில் இறங்கும் மரை, மறு பாதியில் நட்டு ஏறும் மரை. தகட்டின் துளை வழியாக அந்தப் போல்ட் வெளியே வரும், நட்டை முடுக்கினால் கால் மூலைக்குள் இழுபட்டு இறுகும். எங்கள் மேசையில் 8 மில்லிமீட்டர் போல்ட், அதற்கு 13ஆம் நம்பர் ஸ்பேனர். அன்று நான் அனுசரிப்பு ஸ்பேனரை வைத்துத் திருகியதில் ஒரு நட்டின் முனைகள் வேறு மழுங்கிவிட்டன. சரியான அளவு ஸ்பேனர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

கடல் பக்கம் வீடு என்பதால் எந்த இரும்பும் எங்களிடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவை இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டின் அடியிலும் இரண்டு சொட்டு விட்டு, சுற்றிலும் துணியால் துடைத்து, ஓர் இரவு விட்டேன். மரத்தில் அந்த எண்ணெய் ஊறினால் பிறகு பசை பிடிக்காது, அதனால் சொட்டுக் கணக்குதான். மறுநாள் காலையில் மூன்று நட்டும் வந்துவிட்டன. ஒரேயடியாக இழுக்காமல் கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று முடுக்கி, மறுபடி தளர்த்தி என்று போனால் மரை கெடாமல் வருகிறது.

நாலாவதில்தான் உண்மையான கோளாறு இருந்தது. போல்ட் இறங்கியிருந்த மரத்துளை தேய்ந்து அகன்றுபோய், அது பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக மேசை அந்த மூலையில் ஆடியதற்குக் காரணம் இதுதான். நாங்கள் தரை சரியில்லை என்று நினைத்து, காலடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தோம். தரையா மேசையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மேசையை அதே இடத்தில் 90 டிகிரி திருப்பிப் போட வேண்டும். ஆட்டம் தரையின் அதே மூலையிலேயே நின்றால் குற்றம் தரையில். மேசையின் அதே காலோடு கூடவே வந்தால் குற்றம் மேசையில். அதை முன்பே செய்திருந்தால் அட்டை தேவைப்பட்டிருக்காது.

பழைய போல்ட்டை இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, துளையை 12 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தினேன். அதே அளவு மர முளை ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி, மரப்பசை தடவித் தட்டி இறக்கி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு அதன் நடுவில் 6½ மில்லிமீட்டர் துளை போட்டு, பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமான புதுப் போல்ட்டை இறக்கினேன். போல்ட்டுக்குத் தலை கிடையாது என்பதால் அதன் மேல் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, மேல் நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருக வேண்டும். இறங்கி முடிந்ததும் இரண்டையும் பிரித்து எடுத்துவிடலாம்.

இப்படிச் சரிசெய்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. முளையின் நார் அதன் நீளவாக்கில் ஓடும். அதன் தலைப்பக்கமாக மரை இறங்கும்போது, காலின் பக்கவாட்டு மரத்தில் இருந்த அளவு பிடிப்பு கிடைக்காது. நீளமான போல்ட் போட்டது அதற்காகத்தான். இப்போது கல் மாதிரி நிற்கிறது. ஆனால் மேசையைக் காலைப் பிடித்து இழுத்து நகர்த்தினால் மற்ற மூன்றைவிட இதுதான் முதலில் தளரும். வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

மேசை கவிழ்ந்து கிடந்தபோதுதான் மரத்தையும் சரியாகப் பார்த்தேன். அப்பா எப்போதும் அதைத் தேக்கு என்றே சொல்வார். மேலிருந்து பார்த்தால் நிறம் அப்படித்தான் இருக்கும். அடிப்பக்கத்தில் வார்னிஷ் பூசாத இடம் ஒன்றில் வெளிறிய வெண்ணெய் நிறம் தெரிந்தது. 6 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை வரிசையாக ஒட்டிச் செய்த பலகை. பட்டைகளின் நீளத்தில் இரண்டு கைவிரல்களைக் கோத்தது மாதிரிப் பல்வரிசை ஒட்டும் தெரிந்தது. மேலே பழைய கீறல் ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தேன், அதற்குள்ளும் அதே வெளிர் நிறம். தேக்கு என்றால் கீறலுக்குள்ளும் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். இது ரப்பர் மரம். தேக்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சின்ன வயதில் கெடாவில் தோட்டத்தில் பால் வெட்டியவர். சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பால்மரம்டா, உங்க அப்பாகிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அப்படி வெட்டிய மரம் அவர் காலத்தில் பெரும்பாலும் விறகுக்குப் போனது. பிறகுதான் அதிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்கள் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று ஜொகூரில் மூவார் பக்கம் அதுதான் பெரிய தொழில். அம்மாவுக்கு அது தேக்கு இல்லை என்பதில் வருத்தம் துளியும் இல்லை, இத்தனை நாள் தெரியாமல் போனதே என்றுதான் சொன்னார்.

மரத்தின் பெயர் மாறியதும் என் கவலையும் மாறியது. ரப்பர் மரம் நல்ல மரம்தான். ஒட்டுப்பலகையாகச் செய்தால் அவ்வளவாக வளையாது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், உளு வண்டுக்கு அது சாப்பாடு. அறுத்த உடனே போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றினால்தான் தாங்கும். எங்கள் மேசையின் பின்சட்டத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் பதினான்கு இருந்தன. அவற்றை நான் முன்பு ஆணி அடித்த தடம் என்று நினைத்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பழைய மரச்சாமான் வாங்குகிறவர்கள் பயப்படுவது இதற்குத்தான். ஓட்டை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வட்டமாக இருந்து, அதிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மிக மெல்லிய தூள் விழுந்தால் அது உளு வண்டு. விரலில் தேய்த்தால் நெருநெருவென்று இருக்காது. தூளுக்குப் பதில் கசகசா அளவில் தனித்தனிக் குருணைகளாக விழுந்தால் அது உலர்மரக் கறையான், அது வேறு கதை. மண் தடம் ஏறியிருந்தால் நிலக்கறையான், அப்போது பிரச்சினை மேசையில் மட்டும் இல்லை, வீட்டிலேயே இருக்கிறது. எங்களுடையது முதல் வகை.

அடுத்த கேள்வி, வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்பது. வண்டு வெளியேறிய பிறகுதான் ஓட்டை தெரியும். அதாவது ஓட்டை என்பது போனதின் அடையாளம், உள்ளே இன்னும் புழு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பழைய ஓட்டையின் விளிம்பு கறுத்து அழுக்கேறியிருக்கும். புதியது வெட்டியெடுத்தது போல் வெளிறி இருக்கும். பதினான்கையும் பென்சிலால் வட்டமிட்டேன், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். ஊசியால் குத்தி இருந்த தூளைத் தட்டி எடுத்து, தூரிகையால் சுத்தம் செய்தேன். பிறகு சட்டத்துக்கு நேர் கீழே தரையில் கறுப்பு அட்டைத்தாளை விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, பத்து நாள் விட்டேன். அம்மா அந்தப் பக்கம் கூட்டாமல் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் தாளைப் பார்ப்பேன். பத்து நாளும் தூள் விழவில்லை, பதினைந்தாவது ஓட்டையும் வரவில்லை.

இதை வைத்துக்கொண்டு "வண்டு இல்லை" என்று எழுத முடியாது. புழு மாதக்கணக்கில் உள்ளே சத்தமில்லாமல் இருக்கக்கூடும். "பத்து நாள் கறுப்புத் தாள் விரித்துப் பார்த்தேன், தூள் விழவில்லை" என்றுதான் எழுத முடியும். நான் அப்படித்தான் எழுதினேன். ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்து மறைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அடைத்துவிட்டால் வாங்குகிறவர் நாளைக்குப் புது ஓட்டை எது, பழையது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பென்சில் வட்டத்தைக்கூட அழிக்காமல் விட்டேன்.

மேற்பலகையில் இருந்த குறைகள் இதைவிட எளியவை. காபிக் கோப்பையின் வெள்ளை வளையங்கள் மூன்று. வெள்ளை வளையம் என்றால் ஈரம் வார்னிஷ் பூச்சுக்குள் மட்டும் சிக்கியிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. வளையத்தின் மேல் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, ஆவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஐந்தாறு விநாடி வைத்து எடுத்துப் பார்த்தேன். திரும்பத் திரும்பச் செய்ததில் இரண்டு மறைந்துவிட்டன. மூன்றாவது மங்கியது, போகவில்லை. அதற்கு மேல் சூடு காட்டினால் பூச்சு கொப்பளிக்கும் என்று நிறுத்திவிட்டேன்.

ஜன்னல் பக்க மூலையில் 50 சென் காசைவிடக் கொஞ்சம் பெரிய கறுத்த தடம் ஒன்று உண்டு. அங்கே பல வருடம் ஒரு பூச்சட்டி இருந்தது. கறுப்பு என்றால் தண்ணீர் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதை எடுக்க வேண்டுமானால் உப்புத்தாள் போட்டுப் பூச்சையும் நிறத்தையும் தேய்த்து எடுக்க வேண்டும். அப்புறம் அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும், முழுப் பலகையையும் தேய்த்து மறுபடி நிறம் ஏற்றினால்தான் சரியாகும். வாங்குகிறவர் விரும்பினால் அதைச் செய்துகொள்ளட்டும் என்று தொடாமல் விட்டேன். மற்றபடி ஒரு முனையில் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் 11 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டு விட்டிருக்கிறது. ஒரு தாள் நுழைகிறது, வங்கி அட்டை நுழையவில்லை. கீழ்ப்பக்கம் விளக்கு அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் மேலே வரவில்லை. அடிவரை போகாத பிளவு.

அப்புறம் அளவுகள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் வாங்கியவர் வீட்டில் தகராறு வருவது வேறு அளவுகளால்தான். தரையிலிருந்து சட்டத்தின் அடிவிளிம்பு வரை எங்கள் மேசையில் 64½ சென்டிமீட்டர். கைப்பிடி வைத்த நாற்காலியின் கைப்பிடி அதைவிட உயரமாக இருந்தால் உள்ளே போகாது, உட்காருபவரின் தொடையும் இடிக்கும். நீளப் பக்கத்தில் ஒரு காலின் உள்முகத்திலிருந்து மறுகாலின் உள்முகம் வரை 120. சாதாரண நாற்காலி 45 அகலம் என்று வைத்தால் இரண்டு தாராளமாகப் போகும், மூன்று போகாது. அகலப் பக்கத்தில் கால்களுக்கு நடுவே 64, ஒரு நாற்காலிக்குச் சரி. ஆக 6 பேர் என்பது பக்கத்துக்கு இருவர், தலைப்பில் ஒருவர் வீதம்தான். ஒரு நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவருக்கு இது 4 பேர் மேசை. முதல் விளம்பரத்தில் நான் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

மேற்பலகையின் பருமனும் கவனிக்க வேண்டியது. விளிம்பில் அளந்தால் 3.2 சென்டிமீட்டர் வரும், ஆனால் அது விளிம்புக்குக் கீழே 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒட்டிய கட்டை. உள்ளே பலகை 2 சென்டிமீட்டர்தான். விளிம்பை மட்டும் அளந்து "3 சென்டிமீட்டர் பலகை" என்று எழுதுவது பொய்யாகிவிடும்.

வெளியே எடுப்பதற்கான அளவு தனி. காலைக் கழற்றினால் மிஞ்சுவது 150½ நீளம், 90 அகலம், சட்டத்தோடு சேர்த்து 11 சென்டிமீட்டர் பருமனுள்ள ஒரு பலகை. கூடவே 73½ நீளத்தில் நாலு கால்கள். எடையைக் குளியலறைத் தராசில் பார்த்தேன். நான் மட்டும் 71 கிலோ, தம்பி உதவியோடு பலகையைத் தாங்கி நின்றபோது 93. பலகை 22 கிலோ, கால்கள் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் 31 கிலோவுக்குள் அடங்கும். இரண்டு பேர் போதும், ஒருவரால் ஆகாது. லிஃப்ட்டின் கதவு 80 சென்டிமீட்டர், உள்ளே 110 அகலம், 140 ஆழம். 150 நீளப் பலகை படுக்கையாகப் போகாது, செங்குத்தாக நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பலகையை என் தம்பியோடு ஒரு முறை உண்மையிலேயே லிஃப்ட்டில் ஏற்றி, கீழே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். கிரில் வாசலிலும் இந்த முறை தடையில்லை.

படங்களைக் காலை எட்டு மணிக்கு எடுத்தேன். அப்போது எங்கள் ஹாலில் ஜன்னல் வெளிச்சம் தாழ்வாகப் பக்கவாட்டில் விழும். அந்த வெளிச்சத்தில் பள்ளமும் கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். பிளாஷ் போட்டால் எல்லாம் மழுங்கிவிடும். குறைகளுக்குத் தனித்தனிப் படம், ஒவ்வொன்றிலும் அளவு நாடாவும் 50 சென் காசும். ஓட்டைகள், தகடுகள், முளை வைத்த நாலாவது மூலை எல்லாமே படத்தில் உண்டு. அளவு நாடாவைப் பிடித்திருப்பது அம்மாவின் கை.

பிறகு எழுதியது இதுதான். தமிழில் எங்கள் வட்டாரப் புலனக் குழுவிலும், இதையே மலாயில் எழுதி முகநூல் சந்தையிலும் போட்டேன்.

"பழைய மரச் சாப்பாட்டு மேசை, 320 வெள்ளி. நாற்காலிகள் இல்லை. ரப்பர் மரம், பட்டை ஒட்டுப்பலகை, தேக்கு நிறம் ஏற்றியது. வயது 20 வருடத்துக்கு மேல்.

அளவு: நீளம் 150½, அகலம் 90, உயரம் 75½ சென்டிமீட்டர் (சுமார் 5 அடிக்கு 3 அடி). பலகைப் பருமன் 2, விளிம்பில் மட்டும் 3.2. சட்டத்துக்குக் கீழே தரைவரை 64½. கால்களுக்கு நடுவே நீளப் பக்கம் 120, அகலப் பக்கம் 64. பக்கத்துக்கு இருவர், தலைப்பில் ஒருவர் வீதம் 6 பேர்.

குறைகள்: மங்கிய வெள்ளை வளையம் ஒன்று. ஜன்னல் மூலையில் கறுத்த தடம், 3 சென்டிமீட்டர், போகாது. ஒரு முனையில் 11 சென்டிமீட்டர் மெல்லிய பிளவு, அடிவரை இல்லை. பின்சட்டத்தில் உளு வண்டின் பழைய ஓட்டைகள் 14, பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். பத்து நாள் கறுப்புத் தாள் விரித்துப் பார்த்ததில் தூள் விழவில்லை. ஒரு காலின் போல்ட் துளை தேய்ந்து, முளை வைத்துச் சரி செய்தது. இப்போது ஆட்டம் இல்லை. மேசையைத் தூக்கி நகர்த்துங்கள், இழுக்க வேண்டாம்.

எடுத்துப்போக: ஜெலுத்தோங், அடுக்குமாடி, லிஃப்ட் உண்டு. கால்களைக் கழற்றிக் கட்டித் தருவேன். கழற்றிய பலகை 151க்கு 90க்கு 11 சென்டிமீட்டர், 22 கிலோ. சாதாரண செடான் காரில் போகாது. வேன் அல்லது பிக்கப் தேவை. வேறு கார் என்றால் பின்கதவிலிருந்து முன் இருக்கை முதுகு வரை அளந்துவிட்டு வாருங்கள். கார் நிறுத்துமிடக் கூரை 2.1 மீட்டர், லோரி உள்ளே வராது, காவலர் சாவடி அருகே நிறுத்த வேண்டும். அங்கிருந்து லிஃப்ட் 40 அடி தூரம். சாமான் இறக்க அனுமதி திங்கள் முதல் வெள்ளி 9 முதல் 5 வரை, சனி பிற்பகல் 1 வரை. வண்டி எண்ணை முதல் நாளே அனுப்பவும். தூக்க ஓர் ஆள் கொண்டுவாருங்கள், மற்ற ஆள் நான். வந்து பார்த்த பிறகு பணம். 50 வெள்ளி முன்பணம் கட்டினால் மூன்று நாள் வைத்திருப்பேன், நேரில் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருவேன்."

விலையை 650இலிருந்து பாதிக்கும் கீழே இறக்கியது மரம் மாறியதாலும் ஓட்டைகளாலும்தான். வளையத்துக்கும் தடத்துக்கும் நான் ஒன்றும் குறைக்கவில்லை. இருபது வருட மேசையில் அவை இருக்கத்தான் செய்யும்.

முதல் நாளிலேயே ஒருவர், நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, ரசீதின் படத்தை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்றார். என் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன், கணக்கில் ஒன்றும் வரவில்லை. வந்த பிறகு பேசலாம் என்று பதில் போட்டேன், அதோடு அவர் பேச்சு நின்றது. ரசீதுப் படத்தை யாரும் தயாரிக்கலாம். சொந்தக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகுதான் சாமானைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். விளம்பரத்தை முழுக்கப் படித்திருந்தார் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"தம்பி, அந்தப் பதினாலு ஓட்டையும் ஒரே சட்டத்துலயா இருக்கு?"

"ஆமாக்கா, பின்சட்டத்துல மட்டும். மத்த மூணு சட்டமும் கால்களும் சுத்தமா இருக்கு, படம் அனுப்புறேன்."

"சரி. இன்னொண்ணு. தேங்காய் துருவுற மிஷின் விளிம்புல மாட்டுற மாதிரி எங்க வீட்டுல இருக்கு. மாட்டலாமா?"

இதை நான் அளக்கவே இல்லை. அவரை இருக்கச் சொல்லிவிட்டு அளவு நாடாவோடு போனேன். பலகை சட்டத்தைத் தாண்டி நீளப் பக்கத்தில் 6 சென்டிமீட்டரும் தலைப்பில் 8 சென்டிமீட்டரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிடி எவ்வளவு விரியும் என்று கேட்டேன். அவர் போய் அளந்துவிட்டு வந்து 4 சென்டிமீட்டர் என்றார். 3.2 விளிம்புக்கு அது போதும். பிளவு இருக்கும் முனையில் மட்டும் மாட்ட வேண்டாம், மாட்டும் இடத்தில் மேலும் கீழும் மெல்லிய பலகைத் துண்டு வைத்துத் திருகுங்கள், இல்லையென்றால் பூச்சில் தடம் விழும் என்றேன். அன்று இரவு விளம்பரத்தில் அந்த இரண்டு அளவுகளையும் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனும் அக்காவும் வேனில் வந்தார்கள். மழைக்காலம், பிற்பகலில் நிச்சயம் மழை வரும் என்பதால் நான்தான் காலை நேரம் கேட்டிருந்தேன். அவர்கள் வருவதற்கு முன் மேசையைக் கழற்றவில்லை. முழுசாக நின்ற மேசையை அவர்கள் ஆட்டிப் பார்க்க வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணன் நாலு மூலையிலும் கையை ஊன்றி அழுத்தினார். அக்கா அடியில் குனிந்து பென்சில் வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்ததும் 300 என்றார், சரி என்றேன். டூயிட்நவ்வில் பணம் அனுப்பினார், என் கைப்பேசியில் வந்ததைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர்கள் கண் முன்னாலேயே கழற்றினேன். பத்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு காலின் தலையிலும், அது சேரும் மூலையிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதியிருந்தேன். போல்ட் துளைகள் நூலிழை வித்தியாசத்தில் இருக்கும் என்பதால் கால் இடம் மாறினால் மூலை சரியாக உட்காராது. நட்டுகளையும் வளையங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டத்தின் உள்பக்கம் கயிற்றால் கட்டினேன். மேற்பலகையில் டேப் எதுவும் ஒட்டவில்லை, பழைய பூச்சு டேப்போடு உரிந்து வந்துவிடும். கால்கள் அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றப்பட்டன. வேனில் பழைய போர்வையை விரித்து, மேற்பக்கம் கீழே இருக்கும்படி பலகையைப் படுக்க வைத்தோம். 13ஆம் நம்பர் ஸ்பேனரையும் அண்ணனிடமே கொடுத்தேன்.

பூட்டும்போது மேசையைக் கவிழ்த்து வைத்து நாலு நட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள், பிறகு எதிர் எதிர் மூலையாக முடுக்குங்கள், இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மறுபடி பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். புதிதாகப் பூட்டிய மூலைகள் முதல் சில நாளில் கொஞ்சம் தளர்வது வழக்கம்.

இரண்டு வாரம் கழித்து அக்கா புலனத்தில் எழுதினார். மூன்று நட்டுகள் அசையவில்லையாம், முளை வைத்த நாலாவது மட்டும் கால் சுற்று ஏறியதாம். கூடவே ஒரு படம். ஓட்டைகள் இருக்கும் பின்சட்டத்துக்குக் கீழே தரையில் கறுப்புத் தாள் விரித்திருந்தார்கள்.